விழுப்புரத்தில் வண்டியைத் தவறவிட்டால்: அடுத்த ரயிலா, பஸ்ஸா? புதுச்சேரி, கடலூர்க்காரர்களுக்கு முழுமையான வழிகாட்டி

புதுச்சேரிக்கு ரயில் வந்தது 1879-ல். அன்று போட்ட தடம் இன்றும் முட்டுச்சந்துதான். விழுப்புரத்திலிருந்து பிரிந்து, வளவனூர், சின்னபாபுசமுத்திரம், வில்லியனூர் வழியாக 38 கிலோமீட்டர் ஓடி, கடற்கரைக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிடும். கடலூர் அப்படியல்ல, பழைய மெயின் லைனில் இருக்கிறது. ஆனால் மதுரை, நெல்லை பக்கம் போகும் இரவு வண்டிகளில் பெரும்பாலானவை விழுப்புரத்திலேயே திரும்பி, விருத்தாசலம் வழியாகக் கார்டு லைனில் திருச்சிக்குப் போய்விடுகின்றன. அதனால் நம் இரண்டு ஊர்க்காரர்களுக்கும் தொலைதூரப் பயணம் என்றாலே விழுப்புரத்தில் வண்டி மாறுவதுதான். வண்டி தவறுவதும் பெரும்பாலும் அங்கேதான்.

தவறவிட்டால் என்ன செய்வது என்பதை வரிசையாகச் சொல்கிறேன். வண்டி நேரங்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். இங்கே சொல்லும் நேரங்களைத் தோராயம் என்று வைத்துக்கொண்டு, கிளம்பும் நாளில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில், வண்டி உண்மையிலேயே போய்விட்டதா?

நேரம் தாண்டிவிட்டது என்பதாலேயே வண்டி போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். நீங்கள் வந்த வண்டியைத் தாமதமாக்கிய அதே காரணம், நீங்கள் பிடிக்க வேண்டிய வண்டியையும் தாமதமாக்கியிருக்கலாம். NTES செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் கடைசியாக எந்த ஸ்டேஷனைத் தாண்டியது என்று வரும். 139-க்கு அழைத்தும் கேட்கலாம். சென்னையிலிருந்து வரும் வண்டி திண்டிவனத்தையே இன்னும் தாண்டவில்லை என்றால், உங்களுக்கு அரைமணி நேரமாவது இருக்கிறது. அந்த வண்டி வேறெங்காவது புறப்பட்டு, உங்கள் ஏறுமிடத்துக்கு 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமாக வருகிறதா? அப்படியானால் நீங்கள் ஏறாமலே முழுப் பணத்தையும் திரும்பக் கேட்கலாம். வண்டி விழுப்புரத்தைவிட்டுக் கிளம்பும் முன், பணத்தைத் திரும்பக் கேட்கும் டி.டி.ஆர். மனுவைப் போட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வருகிறீர்களா, ஊரைவிட்டுப் போகிறீர்களா?

வீட்டுக்கு வரும் பயணத்தில், பெரிய வண்டி தாமதமாகி, விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கோ கடலூருக்கோ போகும் பாசஞ்சர் கைவிட்டுப் போயிருந்தால், யோசிக்கவே வேண்டாம், பஸ்தான். மிச்சம் இருப்பது நாற்பது கிலோமீட்டர் சொச்சம். அடுத்த பாசஞ்சருக்காகப் பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் பஸ் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிடும். ஸ்டேஷனிலிருந்து புதிய பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு ஆட்டோ. அங்கிருந்து புதுச்சேரிக்கும், பண்ருட்டி, நெல்லிக்குப்பம் வழியாகக் கடலூருக்கும் பஸ் கிடைக்கும். நள்ளிரவு தாண்டிவிட்டால் மட்டும் பஸ் குறையும். அப்போது பெட்டி படுக்கையோடு பஸ் ஸ்டாண்டில் நிற்பதைவிட, ஸ்டேஷன் காத்திருப்பு அறையில் இருந்து விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடிப்பது மேல்.

இன்னொன்று பலர் கவனிப்பதில்லை. சென்னைப் பக்கமிருந்து வரும்போது, பாசஞ்சரைப் பிடிக்க முடியாது என்று வழியிலேயே தெரிந்துவிட்டால், விழுப்புரம்வரை போகவேண்டிய அவசியமே இல்லை. உங்கள் வண்டி திண்டிவனத்தில் நிற்குமானால் அங்கேயே இறங்கிவிடுங்கள். திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்கு ஏறத்தாழ விழுப்புரத்திலிருந்து வரும் அதே தூரம்தான். விழுப்புரம்வரை ரயிலில் போகும் முக்கால் மணி நேரம் மிச்சம். டிக்கெட் விழுப்புரத்துக்கு எடுத்திருந்தாலும் முன்னால் இறங்கத் தடையில்லை. அந்த மிச்சத் தூரத்துக்குப் பணம் திரும்பாது, அது சின்னத் தொகை. அதேபோல, திருச்சிப் பக்கமிருந்து கடலூர் வருகிறவர்கள் விருத்தாசலத்தில் இறங்கி, நெய்வேலி வழியாகப் பஸ் பிடிக்கலாம்.

ஊரைவிட்டுப் போகும்போது தவறவிட்டால் கதை வேறு. மிச்சம் இருப்பது முன்னூறு, நானூறு கிலோமீட்டர். இனிச் சொல்வதெல்லாம் இந்த வகைக்குத்தான்.

கையில் இருக்கும் டிக்கெட் எந்த மாதிரி?

முடிவு பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது. மூன்று மாதிரி உண்டு.

இரண்டு வண்டியும் ரிசர்வ் செய்தவையாக இருந்து, இரண்டு பி.என்.ஆரையும் இணைத்திருந்தால் உங்களுக்குப் பாதுகாப்பு இருக்கிறது. 2019 ஏப்ரலிலிருந்து இந்த வசதி உள்ளது. முதல் வண்டி தாமதமாகி இரண்டாவது தவறினால், இரண்டாவது டிக்கெட்டின் பணம் ரத்துக் கட்டணம் இல்லாமல் முழுதாகத் திரும்பும். இரண்டு டிக்கெட்டிலும் பயணிகள் விவரம் ஒன்றாக இருக்கவேண்டும். முதல் வண்டியில் இறங்கும் ஊரும் இரண்டாவதில் ஏறும் ஊரும் பொருந்தவேண்டும். முதல் வண்டி உண்மையில் வந்து சேர்ந்த நேரத்திலிருந்து 3 மணி நேரத்துக்குள் கேட்டுவிடவேண்டும். ஆன்லைன் டிக்கெட் என்றால் ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கில் File TDR. கவுண்டர் டிக்கெட் என்றால் அந்த ஸ்டேஷனிலேயே கொடுக்கவேண்டும். இரவில் கவுண்டர் மூடியிருந்தால் ஸ்டேஷன் மாஸ்டரைப் பாருங்கள். பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தபிறகு போட்டுக்கொள்ளலாம் என்று விடாதீர்கள், உளுந்தூர்பேட்டை தாண்டுவதற்குள் தூங்கிவிடுவீர்கள். பிளாட்பாரத்தில் நிற்கும்போதே முதல் வேலையாக முடித்துவிடுங்கள்.

இரண்டாவது மாதிரிதான் நம்மவர்களில் பெரும்பாலோர் கையில் இருப்பது. புதுச்சேரியிலிருந்தோ திருப்பாதிரிப்புலியூரிலிருந்தோ பாசஞ்சரில் விழுப்புரம் வருகிறோம், அங்கிருந்து ரிசர்வ் செய்த எக்ஸ்பிரஸ். பாசஞ்சரில் ரிசர்வேஷனே கிடையாது. ரிசர்வேஷன் இல்லையென்றால் பி.என்.ஆர். இல்லை. பி.என்.ஆர். இல்லையென்றால் இணைப்பதற்கு எதுவும் இல்லை. ஆகவே பாசஞ்சர் ரயில்வேயின் காரணத்தாலேயே இரண்டு மணி நேரம் நின்றாலும், எக்ஸ்பிரஸ் டிக்கெட் பணம் போனது போனதுதான். ரத்து செய்து பாதியாவது வாங்கலாம் என்றால், வண்டி கிளம்பப் பல மணி நேரம் முன்பே அந்தக் கதவும் சாத்தப்பட்டிருக்கும். இதனால்தான், இரவு எக்ஸ்பிரஸ் பிடிக்க வேண்டியவர்கள் பாசஞ்சரை நம்பாமல் பஸ்ஸிலேயே விழுப்புரம் போவது நல்லது என்பேன். ஒரு பஸ் நின்றால் அடுத்த பஸ் வரும். ஒற்றைத் தடத்தில் பாசஞ்சர் நின்றால் நின்றதுதான்.

மூன்றாவது, புதுச்சேரியிலிருந்தோ கடலூரிலிருந்தோ போய்ச்சேரும் ஊர்வரை ஒரே டிக்கெட்டாக எடுத்த சாதாரண, முன்பதிவில்லாத டிக்கெட். இதில் கவலையே இல்லை. விழுப்புரத்தில் அடுத்து வரும் எக்ஸ்பிரஸின் பொதுப் பெட்டியில் ஏறிக்கொள்ளலாம். அது சூப்பர்ஃபாஸ்ட் வண்டியாக இருந்து, உங்கள் டிக்கெட்டில் அந்தக் கூடுதல் கட்டணம் சேரவில்லையென்றால் மட்டும் கவுண்டரில் அதைக் கட்டிக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. தவறிய வண்டியின் ரிசர்வ் டிக்கெட்டை வைத்துக்கொண்டு அடுத்த வண்டியில் ஏறினால், டிக்கெட் இல்லாமல் ஏறியதாகவே கணக்கு. "ஒரே ஊருக்குத்தானே சார், பணம் கட்டியிருக்கேனே" என்ற வாதம் டி.டி.இ.யிடம் எடுபடாது.

அடுத்த ரயிலில் இடம் பிடிப்பது

சார்ட் தயாரானபின் மிஞ்சும் இடங்களைக் கரண்ட் புக்கிங்கில் கொடுப்பார்கள். ஐ.ஆர்.சி.டி.சி.யில் CURR_AVBL என்று காட்டும். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இந்தக் கதவு மூடுவது வண்டி விழுப்புரம் வரும் நேரத்தைப் பார்த்து அல்ல, சென்னையிலிருந்து கிளம்பும் நேரத்தைப் பார்த்து. கிளம்ப அரைமணி நேரம் இருக்கும்போது இரண்டாவது சார்ட் போய்விடும். சென்னையிலிருந்து விழுப்புரம் வர இரண்டரை மணி நேரம் ஆகும். ஆகவே நள்ளிரவு 12 மணிக்கு விழுப்புரம் வரும் வண்டிக்கு, ஒன்பது மணிக்கே இடம் பிடித்தாகவேண்டும்.

அதனால் விழுப்புரத்தில் இறங்கி, பிளாட்பாரத்தில் டீ குடித்து, பிறகு மெதுவாகப் பார்க்கலாம் என்றால் காலம் கடந்திருக்கும். பாசஞ்சர் வளவனூரில் இருபது நிமிடம் நின்றாலே மொபைலை எடுங்கள். பொதிகை, நெல்லை, முத்துநகர், பாண்டியன், அனந்தபுரி என்று தெற்கே போகும் வண்டிகள் இரவில் வரிசையாக விழுப்புரத்தைத் தொடுகின்றன. அவற்றில் எவை இன்னும் சென்னையைவிட்டுக் கிளம்பவில்லை என்று பாருங்கள். உங்களுக்குத் திறந்திருப்பவை அவை மட்டும்தான்.

கதவு மூடிவிட்டால் மிச்சம் இரண்டு வழி. பொது டிக்கெட் எடுத்துப் பொதுப் பெட்டியில் ஏறுவது ஒன்று. விழுப்புரத்துக்கு வரும்போது அந்தப் பெட்டிகள் ஏற்கெனவே நிரம்பித்தான் வரும். பொது டிக்கெட்டோடு டி.டி.இ.யைப் பிளாட்பாரத்திலேயே பார்த்து, காலி பெர்த் இருந்தால் வித்தியாசத் தொகை கட்டி வாங்குவது இன்னொன்று. ஏறுவதற்கு முன் கேளுங்கள். கேட்காமல் ஸ்லீப்பரில் ஏறி உட்கார்ந்தால் கட்டண வித்தியாசத்தோடு குறைந்தது 250 ரூபாய் அபராதம். கேட்டாலும் கிடைக்கும் என்று உறுதியில்லை. தனி ஆளாக இருந்தால் முயலலாம், குழந்தை குட்டியோடு இதை நம்பி நிற்காதீர்கள்.

"நாளைக்கு தட்கல் போட்டுக்கலாம்" என்று வீடு திரும்புகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். தட்கல் திறப்பது பயணத்துக்கு முந்தின நாள் காலை, ஏ.சி.க்கு 10 மணி, மற்றவற்றுக்கு 11 மணி. வெள்ளி இரவு வண்டியை விட்டால், சனிக்கிழமை வண்டிக்கான தட்கல் வெள்ளி காலையே முடிந்துவிட்டது. சனி காலை நீங்கள் போடும் தட்கல் ஞாயிற்றுக்கிழமை வண்டிக்கு. இடையில் உள்ள சனிக்கிழமைக்குக் கரண்ட் புக்கிங் ஒன்றுதான் வழி. விகல்ப் திட்டமும் கைகொடுக்காது, அது வெயிட்டிங் லிஸ்ட்காரர்களுக்கானது.

மறுநாள் போனால் போதும் என்றால் நல்ல வழி ஒன்று உண்டு. சென்னையிலிருந்து நாகர்கோவில் போகும் வந்தே பாரத், புதன் தவிர மற்ற நாள்களில், காலை 7 மணிக்கு முன்னால் விழுப்புரம் வந்து, 11 மணிவாக்கில் மதுரை சேர்கிறது. தெற்கு ரயில்வே 2025-லிருந்து இந்த வண்டியில், இடையில் உள்ள ஸ்டேஷன்களிலும் வண்டி கிளம்ப 15 நிமிடம் முன்புவரை மிஞ்சிய இடங்களைக் கொடுக்கிறது. மற்ற வண்டிகளுக்கு மேலே சொன்ன மூடிய கதவு இதற்கு இல்லை. கட்டணம் ஸ்லீப்பரைவிடப் பலமடங்கு. ஆனாலும் இரவு வீட்டில் தூங்கிவிட்டுப் போகலாம்.

சாலை வழி என்றால்

விழுப்புரத்திலிருந்து திருச்சி ஏறத்தாழ 165 கிலோமீட்டர், மதுரை 300. பஸ்ஸில் மதுரைக்கு ஆறு மணி நேரம் என்று வையுங்கள். நேரத்தில் ரயிலுக்குப் பெரிதாகத் தோற்காது. சிக்கல் ஏறும் இடத்தில்தான். சென்னை கிளாம்பாக்கத்திலிருந்து தெற்கே போகும் விரைவுப் பஸ்கள் பலவும் இரவில் ஊருக்குள் வராமல் பைபாஸிலேயே போய்விடும். புதிய பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தால் திருச்சிவரை போகும் சாதாரண பஸ் கிடைக்கும், மதுரைக்கு நேர் பஸ் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். பைபாஸில் நின்றாலோ, வெள்ளி இரவும் பண்டிகை நாள்களிலும் நிரம்பிய பஸ்கள் நிற்காமலே போகும். ஆகவே கையைக் காட்டி நிறுத்தலாம் என்று நம்பாமல், அரசு விரைவுப் போக்குவரத்துக் கழகத்தின் ஆன்லைன் முன்பதிவில் விழுப்புரம் ஏறுமிடமாக உள்ள பஸ்ஸாகப் பார்த்து, இருக்கை போட்டுவிட்டே பைபாஸுக்குப் போங்கள்.

புதுச்சேரியைவிட்டு இன்னும் கிளம்பவே இல்லையென்றால் விழுப்புரத்தையே மறந்துவிடுங்கள். புதுச்சேரியிலிருந்தே தென் மாவட்டங்களுக்கு நேர் பஸ்கள் இருக்கின்றன. கிளம்பும் இடத்தில் ஏறினால் இருக்கையும் கிடைக்கும், நடுராத்திரியில் பைபாஸில் நிற்கும் பாடும் இல்லை.

டாக்சி நாலு பேருக்குமேல் இருந்தால் மட்டும் கணக்குக்கு வரும். கிலோமீட்டருக்கு 14 ரூபாய் என்று பேசினால் 300 கிலோமீட்டருக்கு 4,200. டிரைவர் பேட்டா, டோல் எல்லாம் சேர்த்தால் ஆறாயிரத்தை நெருங்கும். பகலெல்லாம் ஓட்டிய டிரைவரை இரவு 2 மணிக்கும் 4 மணிக்கும் இடையில் நான்கு வழிச்சாலையில் ஓட்டவைப்பது எனக்கு ஒப்பாத காரியம். கடைசி வழியாகவே அதை வைத்திருக்கிறேன்.

ஒரு குடும்பத்தின் கணக்கு

முத்தியால்பேட்டையிலிருந்து மூன்று பேர் கிளம்புகிறார்கள் என்று வையுங்கள். கணவன், மனைவி, மனைவியின் அம்மா. மறுநாள் காலை 9 மணி முகூர்த்தத்துக்கு மதுரை போகவேண்டும். இரவு 9:45-க்கு விழுப்புரம் வரும் எக்ஸ்பிரஸில் மூன்று ஸ்லீப்பர். பாசஞ்சர் வளவனூரில் நின்றுவிட்டது. மணி 8:35. கிராசிங்காக இருக்கும் என்று சொன்னது அரைமணி நேரமாகியும் நகரவில்லை.

மருமகன் மொபைலில் தேடுகிறார். கையில் இருக்கும் எக்ஸ்பிரஸ் டிக்கெட் இணைக்கப்படாதது, அதன் பணம் வராது. அதை மனத்திலிருந்து எடுத்துவிட்டு மற்றதைப் பார்க்கவேண்டும். வந்தே பாரத் 11 மணிக்கு, முகூர்த்தம் முடிந்திருக்கும், அது கழிந்தது. ஒன்பதரைக்குப் பிறகு சென்னையைவிட்டுக் கிளம்பும் பாண்டியனில் ஸ்லீப்பர் இல்லை, மூன்றாம் வகுப்பு ஏ.சி.யில் இரண்டே இடம். பஸ்ஸில் மூன்று இருக்கை இருக்கிறது, உட்கார்ந்து போகும் பஸ்.

"அத்தை, மூணு பேருக்கும் பஸ்ல சீட் இருக்கு. போட்டுரவா?"

"ஆறு மணி நேரம் காலைத் தொங்கப்போட்டு உக்காந்தா நாளைக்கு நான் பந்திக்குக்கூட எழுந்திருக்க முடியாது மாப்ள. என்னை இங்கேயே விட்டுட்டு நீங்க போங்க."

பெரியவர்கள் இப்படித்தான் சொல்வார்கள், விட்டுவிட முடியுமா? இந்த இடத்தில் எல்லோரும் ஒன்றாகத்தான் போகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் பஸ்தான் மிஞ்சும், அது அத்தைக்கு ஆகாது. பிரித்துப்போட்டால் கணக்கு நேராகிறது. ஏ.சி.யில் இரண்டு இடத்தை அம்மாவுக்கும் மகளுக்கும் உடனே போடுவது, பஸ்ஸில் ஒரு இருக்கையை மருமகனுக்குப் போடுவது. ரயில் நள்ளிரவில் விழுப்புரம் வரும், விடியும்முன் மதுரை. பஸ்ஸும் ஏழு மணிவாக்கில் மாட்டுத்தாவணி. ஸ்டேஷனில் இருவரையும் ஏற்றிவிட்டுப் பிறகு பைபாஸுக்குப் போகும்படி, பஸ் நேரத்தை நள்ளிரவு ஒரு மணிக்கு மேல் பார்த்து எடுக்கவேண்டும். 9:10-க்குமேல் தேடியிருந்தால் அந்த இரண்டு இடமும் திரையில் இருந்திருக்காது.

இதே குடும்பத்தில் அத்தை இல்லாமல், இரண்டு பேரும் இளவயதினர் என்றால் நான் பஸ்ஸையே சொல்வேன். பாதிக் காசில், அதே நேரத்தில் போய்ச் சேரலாம்.

கடலூர்க்காரர்களுக்கு விருத்தாசலம்

கடலூரிலிருந்து கிளம்பும்போது பாசஞ்சரை விட்டுவிட்டால், எல்லோரும் வடக்கே விழுப்புரத்துக்குப் பஸ்ஸில் ஓடுகிறார்கள். தெற்கே போகும் வண்டியைப் பிடிக்க வடக்கே ஓடுவது வீண். மேற்கே நெய்வேலி வழியாக விருத்தாசலம் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். விழுப்புரத்திலிருந்து கிளம்பும் எக்ஸ்பிரஸ், 55 கிலோமீட்டர் ஓடி விருத்தாசலம் வர முக்கால் மணி நேரம் ஆகும். அந்த முக்கால் மணி நேரம் உங்களுக்குக் கூடுதலாகக் கிடைக்கிறது.

இதில் கவனிக்கவேண்டியவை இரண்டு. எல்லா எக்ஸ்பிரஸும் விருத்தாசலத்தில் நிற்பதில்லை, உங்கள் வண்டி நிற்குமா என்று முதலில் பாருங்கள். அடுத்தது, டிக்கெட்டில் ஏறுமிடம் விழுப்புரம் என்று இருந்தால், நீங்கள் அங்கே ஏறாததைப் பார்த்து டி.டி.இ. உங்கள் பெர்த்தை ஆர்.ஏ.சி.காரருக்குக் கொடுத்துவிடலாம். சார்ட் போகும் முன்பு ஆன்லைனில் ஏறுமிடத்தை விருத்தாசலம் என்று மாற்றிவிட்டால் அந்தப் பயமில்லை. மாற்றியபிறகு விழுப்புரத்தில் ஏறும் உரிமை போய்விடும் என்பதையும் நினைவில் வையுங்கள். கடலூர்க்காரர்கள் டிக்கெட் எடுக்கும்போதே விருத்தாசலத்தை ஏறுமிடமாக வைத்துக்கொண்டால் இந்த ஓட்டமே தேவைப்படாது.

மழைக்காலத்தில்

கார்த்திகை, மார்கழியில் ரயில் நின்றதற்குக் காரணம் வெள்ளம் என்றால், சாலைக்கு மாறும் முன் சாலை திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபின், விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் இடையே பாலத்தில் தண்ணீர் அபாய அளவைத் தாண்டியதால் ரயில்கள் நின்றன. அதே நேரத்தில் அரசூரில் வெள்ளம் ஏறி, சென்னை திருச்சி நெடுஞ்சாலையிலும் போக்குவரத்து நின்றது. ரயிலை விட்டுச் சாலைக்கு வந்தவர்கள் நடுவழியில் மாட்டிக்கொண்டார்கள். இப்படிப்பட்ட நாளில் ரயில்வேயே வண்டியை ரத்து செய்துவிட்டால், ஆன்லைன் டிக்கெட்டுக்கு டி.டி.ஆர். எதுவும் போடவேண்டாம், முழுப்பணமும் தானாகவே கணக்குக்கு வந்துவிடும். வண்டி ரத்தாகாமல், விழுப்புரத்தைத் தொடாத வேறு பாதையில் திருப்பிவிடப்பட்டிருந்தால் பணம் தானாக வராது, அதற்கு நீங்கள்தான் டி.டி.ஆர். போட்டுக் கேட்கவேண்டும்.